நோயினால் புறப்பட முடியாத சுற்றுலா விசாக்காரர்: நீடிப்பு எடுப்பதும் இணைக்க வேண்டிய காகிதங்களும் (திருகோணமலையிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

கனடாவில் இருந்தும் லண்டனில் இருந்தும் தமிழ்நாட்டில் இருந்தும் திருகோணமலைக்கு வந்து, போகவேண்டிய நேரத்தில் படுக்கையில் விழுந்துவிட்ட உறவினர்களுக்காக ஓடித்திரிகிறவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. 2025 ஏப்ரலில் என் சித்திக்காக இந்த வேலையை நானே செய்ய வேண்டி வந்தது. அதன்பிறகு தெரிந்த சில குடும்பங்களுக்கும் காகிதங்களைச் சேர்த்துக் கொடுத்தேன். இங்கே இருப்பது இலங்கைக்குள் சுற்றுலா விசாவில் இருக்கும் வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரர் பற்றியது மட்டும்.

மாமா வார்டில் இருக்கிறார். ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களை விசாக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள்தானே?

சேர்ப்பார்கள். வார்டில் இருந்தாலும், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாலும் விசா நாள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். நோய் வந்ததால் விசா தானாக நீளாது. குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் கேட்டால்தான் நீடிப்பு, அதுவும் முடிகிற திகதிக்கு முன்பே கேட்க வேண்டும்.

நிறையப் பேர் "ஆள் எழும்பட்டும், பிறகு பார்ப்போம்" என்று விட்டுவிடுகிறார்கள். அந்த நேரத்து மனநிலை எனக்கும் தெரியும். ஆனால் நோயாளிக்குப் பக்கத்தில் இருக்க ஒருவர், காகிதத்துக்கு ஓட இன்னொருவர் என்று முதல் நாளே பிரித்துக்கொண்டால் பிறகு தவிக்க வேண்டியதில்லை.

விசா எப்போது முடிகிறது என்று எங்கே பார்ப்பது? ஈ.டி.ஏ காகிதத்தில் ஒரு திகதி இருக்கிறது, கடவுச்சீட்டில் வேறு ஒன்று.

கடவுச்சீட்டில் இருப்பதைத்தான் பார்க்க வேண்டும். ஈ.டி.ஏ அனுமதிக் காகிதத்தில் உள்ள திகதி, எந்த நாளுக்குள் நாட்டுக்குள் வந்து சேரவேண்டும் என்பதைச் சொல்கிறது. எத்தனை நாள் தங்கலாம் என்பது கட்டுநாயக்கவிலோ காங்கேசன்துறையிலோ வந்து இறங்கிய நாளில் இருந்து எண்ணப்படும். பொதுவாக 30 நாள். முன்பே நீடிப்பு எடுத்திருந்தால் கடைசியாகக் கிடைத்த திகதிதான் கணக்கு.

எண்ணும்போது வந்து இறங்கிய நாளையே முதல் நாளாக வையுங்கள். மார்ச் 15 அன்று இறங்கியவருக்கு முப்பதாவது நாள் ஏப்ரல் 13. ஏப்ரல் 14 என்று எண்ணிக்கொண்டு ஒரு நாளைத் தவறவிடுவது சாதாரணமாக நடக்கிறது. அப்புறம் அந்த நாளுக்கு முன்னால் என்னென்ன விடுமுறை வருகிறது என்று கலண்டரைப் பாருங்கள். மாதம் ஒரு போயா எப்படியும் உண்டு. சித்திரையிலும் வைகாசியிலும் கந்தோர் பூட்டிக் கிடக்கும் நாட்கள் அடுத்தடுத்து வரும்.

இது அவருக்கு முதல் நீடிப்பு. நோயைக் காரணம் காட்டித்தான் கேட்க வேண்டுமா?

வேண்டியதில்லை. முதல் 30 நாள் மட்டுமே முடியப்போகிறது என்றால் சாதாரண சுற்றுலா நீடிப்பையே கேளுங்கள். அதை இணையவழியில் www.immigration.gov.lk தளத்திலிருந்தே விண்ணப்பிக்கலாம். நோயாளி வீட்டிலோ வார்டிலோ இருக்கும்போது கூட்டிக்கொண்டு அலைய வேண்டியிராது. விளக்கமும் பெரிதாகக் கேட்க மாட்டார்கள்.

மருத்துவக் காரணம் தேவைப்படுவது வேறு இடத்தில். ஒன்றிரண்டு தடவை நீடித்து முடிந்துவிட்டது, இனிமேல் ஏன் இருக்கிறீர்கள் என்று கேட்கக்கூடிய நிலை என்றால் அது ஒன்று. நோயால் திகதியே தாண்டிவிட்டது என்றால் அது இரண்டாவது. இந்த இரண்டிலும் நோயாளி சொல்வதைவிட வைத்தியர் எழுதிய காகிதம்தான் பேசும். இதற்குக் கீழே உள்ளதெல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டு நிலையை மனதில் வைத்து எழுதியது. ஆனாலும் சாதாரண நீடிப்பு எடுக்கிறவர்கள்கூட வைத்தியசாலைக் காகிதங்களைச் சேர்த்து வையுங்கள். அந்த நீடிப்பும் போதாமல் போகலாம்.

சர்க்கரை, பிரஷர் இருக்கிறது என்று சொல்லி நீடிக்கலாமா? டெங்கு என்றால்?

சர்க்கரையும் பிரஷரும் அவர் வரும்போதே இருந்தவை. அதோடுதான் விமானத்தில் வந்தார், அதோடு திரும்பிப் போகவும் முடியும். நோய் இருக்கிறதா என்று திணைக்களத்தில் பார்ப்பதில்லை. இந்த நோயால் இந்த நாளில் பயணம் செய்ய முடியாதா என்றுதான் பார்க்கிறார்கள். சர்க்கரையால் காலில் புண் வந்து சத்திரசிகிச்சை செய்திருந்தால் அது வேறு கதை.

டெங்கு நல்ல உதாரணம். 2017இல் கிண்ணியாவும் திருகோணமலையும் பட்ட பாடு எங்களுக்கு மறக்காது. காய்ச்சல் விடுகிற நேரத்தில்தான் டெங்கின் ஆபத்தான கட்டம் தொடங்கும். அந்த ஒன்றிரண்டு நாளில் இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து அழுத்தம் விழலாம். "காய்ச்சல் விட்டுவிட்டதே, நாளைக்குப் போகலாமே" என்று யாராவது கேட்டால் வைத்தியர் எழுதும் இரண்டு வரி அதற்குப் பதில் சொல்லும். ஆனால் டெங்குக்கு மூன்று மாதம் கேட்டால் எடுபடாது. பெரும்பாலானோர் இரண்டு, மூன்று வாரத்தில் எழும்பிவிடுவார்கள். மாரடைப்பு, பக்கவாதம், எலும்பு முறிவு, வயிற்றுச் சத்திரசிகிச்சை, காலில் இரத்தக் கட்டி, நிமோனியா போன்றவைக்கு நாட்கள் கூட வேண்டும் என்பது யாருக்கும் புரியும்.

இங்கே இருக்கும்போதே பல்லைக் கட்டிவிட்டுப் போகலாம், கண் கட்டரக்டையும் செய்துவிடலாம் என்று தாங்களாகத் திட்டமிட்ட சிகிச்சை இதற்குள் வராது. அது புறப்பட முடியாத நிலை இல்லை.

டாக்டர் கடிதத்தில் என்ன எழுதியிருக்க வேண்டும்?

முழு விஷயமும் தங்கியிருப்பது இந்த ஒரு கடிதத்தில்தான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கடிதத்தின் உயிர் ஒரே ஒரு வாக்கியம்: "இந்த நோயாளி இன்ன காரணத்தால், இன்ன திகதி வரை விமானப் பயணம் செய்யத் தகுதியற்றவர்." இதில் மூன்று பாகம் இருக்கிறது. காரணம், பயணத் தகுதியின்மை, முடிவுத் திகதி. வைத்தியர்கள் பழக்கத்தில் "ஆறு வாரம் ஓய்வு தேவை" என்று எழுதுவார்கள். வேலைக்கு லீவு எடுக்க அது போதும், விசாவுக்குப் போதாது. ஓய்வை டொரன்டோவில் போய் எடுக்கலாமே என்று கந்தோரில் கேட்டால் அந்தக் கடிதத்தில் பதில் இல்லை. ஏன் பறக்கக்கூடாது என்பதையும் ஒரு வரியில் எழுதக் கேளுங்கள். இடுப்பில் சத்திரசிகிச்சை செய்தவர் பல மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தால் காலில் இரத்தம் உறையும் ஆபத்து கூடும் என்பது போல.

திகதியும் அப்படித்தான். "குணமாகும் வரை" என்று எழுதினால் எத்தனை நாள் கொடுப்பது என்று அதிகாரிக்குத் தெரியாது. உறுதியாகச் சொல்ல முடியாது என்று வைத்தியர் தயங்கினால், "இன்ன திகதியில் கிளினிக்கில் மறுபடி பார்க்கப்படும், அதுவரை பயணம் செய்யக்கூடாது" என்று எழுதச் சொல்லுங்கள். அது வைத்தியருக்கும் சங்கடமில்லாத வாக்கியம்.

மற்றவை எல்லாம் அடையாளம். கடவுச்சீட்டில் உள்ளபடியே முழுப் பெயர், கடவுச்சீட்டு இலக்கம், அனுமதிக்கப்பட்ட திகதி, நோயின் பெயர், செய்த சிகிச்சை, கடிதம் எழுதிய திகதி. கீழே வைத்தியரின் பெயர், பதவி, கையெழுத்து, இலங்கை மருத்துவ சபைப் பதிவு இலக்கத்தோடு முத்திரை. வார்ட் ரிக்கெட்டில் பி.எச்.டி என்று உள்ள நோயாளிப் பதிவு இலக்கத்தையும் போட்டால், யாராவது வைத்தியசாலைக்கு அழைத்துச் சரிபார்க்க நினைத்தால் உடனே கண்டுபிடிக்கலாம்.

டயக்னோசிஸ் கார்ட் கையில் இருக்கிறது. அது போதாதா?

அதை இணைக்க வேண்டும், ஆனால் அது தனியாக நிற்காது. டயக்னோசிஸ் கார்ட் அடுத்த வைத்தியருக்காக எழுதப்படுவது. அதில் நோய், கொடுத்த மருந்து, அடுத்த கிளினிக் நாள் இருக்கும். பயணம் பற்றி ஒரு சொல்லும் இராது. கையெழுத்தும் அவசரத்தில் எழுதியதாக இருக்கும். இன்னொரு சிக்கல், அது துண்டு வெட்டி வீட்டுக்கு விடும்போதுதான் கிடைக்கும். விசா அதற்கு முன்பே முடிந்துவிடுமென்றால் காத்திருக்க முடியாது. வார்டில் இருக்கும்போதே கடிதம் கேட்க வேண்டும்.

யாரிடம் கேட்பது? வார்டில் ஒவ்வொருவரும் மற்றவரைக் கைகாட்டுகிறார்கள்.

காலையில் விசேட வைத்திய நிபுணர் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டு வரும் நேரம்தான் நேரம். அவர் "கொடுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் வார்ட் வைத்தியர் எழுதுவார், நிபுணர் கையெழுத்து வைப்பார். பின்னேரம் போய் இரவுக் கடமையில் இருக்கும் வைத்தியரிடம் கேட்டால் அவரால் பொறுப்பெடுக்க முடியாது. அது அவருடைய பிழை இல்லை.

போகும்போது கடவுச்சீட்டுப் பிரதியையும், விசா முடிகிற திகதி, விமானத் திகதி, வேண்டிய வாக்கியம் மூன்றையும் எழுதிய சின்னத் துண்டையும் கொண்டு போங்கள். வைத்தியருக்கு விசா விதிகள் தெரிந்திருக்க வேண்டியதில்லை. என்ன தேவை என்று தெளிவாகத் தெரிந்தால் பெரும்பாலும் எழுதித் தருவார்கள். கடிதம் கிடைத்த பின் பணிப்பாளர் அலுவலகத்தில் வைத்தியசாலை முத்திரையும் வைத்துக்கொண்டால் நல்லது.

தனியார் கிளினிக்கில் காட்டியிருந்தால் அந்தக் கடிதமும் செல்லும். ஆனால் பெரிய நோய்க்கு அரச வைத்தியசாலையில் அனுமதித்த காகிதம் இருந்தால் அதற்கு எடை அதிகம். நாட்டு வைத்தியரிடம் எலும்பு கட்டியவர்கள் எக்ஸ்ரே ஒன்றாவது எடுத்து, மேலை மருத்துவ வைத்தியர் ஒருவரிடம் காட்டிக் கடிதம் வாங்குங்கள். நாட்டு வைத்தியத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் இந்தக் கோப்புக்கு அது மட்டும் போதாது.

ஆஸ்பத்திரிக் காகிதத்தில் வீட்டுப் பெயரைக் கொடுத்துவிட்டோம். கடவுச்சீட்டில் வேறு பெயர். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று விடாதீர்கள். எங்கள் ஆட்களுக்கு இதுதான் அதிகம் நடக்கிறது. அவசரத்தில் கொண்டுபோய் அனுமதிக்கும்போது ஊரில் கூப்பிடும் பெயரைச் சொல்லிவிடுவோம். அல்லது தகப்பன் பெயரின் முதலெழுத்தைப் போட்டு எழுதுவோம். கடவுச்சீட்டிலோ கணவன் பெயர் குடும்பப் பெயராக இருக்கும். வெளியே இருந்து பார்க்கிறவருக்கு இரண்டு ஆள்.

தெரிந்தவுடன் வார்டிலேயே கடவுச்சீட்டைக் காட்டித் திருத்தக் கேளுங்கள். முந்திய அறிக்கைகளை மாற்ற முடியாவிட்டால், வைத்தியர் கடிதத்தில் "இந்தப் பெயரில் வைத்தியசாலையில் பதிவானவரும் இன்ன கடவுச்சீட்டு இலக்கமுடையவரும் ஒருவரே" என்று ஒரு வரி சேர்த்தால் போதும். வயதும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். 68 என்பதை 70 என்று மதிப்புக்குச் சொல்லி வைத்திருப்போம்.

டாக்டர் கடிதம் தவிர வேறு என்ன இணைக்க வேண்டும்?

முதலில் கடவுச்சீட்டு, அசலோடு பிரதிகள். படம் உள்ள பக்கம், வந்திறங்கிய முத்திரை உள்ள பக்கம், முன்பு நீடித்த பக்கம் எல்லாவற்றையும் போட்டோக் கொப்பி எடுங்கள். நீடிப்பு விண்ணப்பமும் புகைப்படமும் அதோடு சேரும்.

அடுத்தது நான் மிகவும் முக்கியம் என்று நினைப்பது, பழைய விமான ரிக்கெட். விசா முடிவதற்கு முன் ஒரு திகதியில் புறப்பட உங்களிடம் ரிக்கெட் இருந்தது என்றால், நீங்கள் போகத்தான் இருந்தீர்கள், நோய் தடுத்தது என்பதற்கு அதைவிடச் சாட்சி இல்லை. அதை ரத்துச் செய்த அல்லது பிந்திய திகதிக்கு மாற்றிய மின்னஞ்சலையும் அச்செடுத்து வையுங்கள். மாற்றிய திகதி வைத்தியர் சொன்ன திகதிக்குப் பிறகு இருக்க வேண்டும். அதற்கு முன்னால் இருந்தால் உங்கள் காகிதமே உங்களை மறுக்கும்.

வைத்தியசாலைப் பக்கத்தில் எக்ஸ்ரே அல்லது ஸ்கான் அறிக்கை, இரத்தப் பரிசோதனை, கிளினிக் கொப்பியின் பக்கம், தனியார் வைத்தியசாலை என்றால் பில்கள். எல்லாவற்றையும் கட்டாகக் கொடுக்காதீர்கள். நோயைக் காட்டும் இரண்டு, மூன்று தாள் போதும்.

தங்கியிருக்கும் வீட்டுக்காரர் ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். "இவர் என் இன்ன உறவு, இந்த முகவரியில் என்னோடு இருக்கிறார், செலவை நான் பார்க்கிறேன்" என்று. அதோடு அவருடைய தேசிய அடையாள அட்டைப் பிரதியும், மின்சார பில்லும். கிராம உத்தியோகத்தரிடம் வதிவை உறுதிப்படுத்திக்கொண்டால் இன்னும் பலம். பயணக் காப்புறுதி இருந்தால் அவர்கள் அனுப்பிய மின்னஞ்சலையும் வையுங்கள். நோயை இன்னொரு நிறுவனமும் பதிவுசெய்திருக்கிறது என்று அது காட்டும்.

எல்லாவற்றையும் இரண்டு தொகுதி எடுங்கள். ஒன்று அவர்களுக்கு, ஒன்று உங்களுக்கு. விமான நிலையத்தில் அந்த இரண்டாவது தேவைப்படலாம்.

கோரிக்கைக் கடிதம் எப்படி எழுதுவது?

குடிவரவு குடியகல்வுக் கட்டுப்பாட்டாளர் நாயகத்துக்கு விலாசமிட்டு, ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல் எழுதுங்கள். தமிழில் எழுத உரிமை உண்டு. வேலை சுருக்காக முடிய நான் ஆங்கிலத்தில் எழுதினேன். கஷ்டங்களை உருக்கமாக எழுதத் தேவையில்லை, திகதிகள் வரிசையாக இருந்தால் போதும். சித்திக்கு எழுதியது கிட்டத்தட்ட இப்படி:

"நான் கனடாக் கடவுச்சீட்டு இலக்கம் … உடையவர். 16.10.2024 அன்று சுற்றுலா விசாவில் வந்தேன். என் விசா 13.04.2025 வரை நீடிக்கப்பட்டுள்ளது. 10.04.2025 அன்று புறப்பட ரிக்கெட் எடுத்திருந்தேன் (இணைப்பு 1). 02.04.2025 அன்று விழுந்து இடுப்பெலும்பு முறிந்து வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டேன். 04.04.2025 சத்திரசிகிச்சை நடந்தது. 16.05.2025 வரை விமானப் பயணம் செய்ய முடியாது என வைத்திய நிபுணர் சான்றளித்துள்ளார் (இணைப்பு 2). ஆகவே 31.05.2025 வரை விசாவை நீடித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். நான் படுக்கையில் இருப்பதால் என் பெறாமகன் இக்கடிதத்தைச் சமர்ப்பிக்க அதிகாரம் அளிக்கிறேன்."

கையெழுத்தை நோயாளியே வைக்க வேண்டும். கை நடுங்கினாலும் பரவாயில்லை, கடவுச்சீட்டில் உள்ளதுபோல் வரப் பார்க்கட்டும். மயக்கத்தில் இருப்பவர் என்றால் கணவனோ மனைவியோ பிள்ளையோ உறவுச் சான்றோடு கையெழுத்து வைத்து, நோயாளியால் ஏன் வைக்க முடியவில்லை என்பதை வைத்தியர் கடிதத்தில் எழுதுவிக்க வேண்டும். வேறு யாரும் அவர் கையெழுத்தைப் போட்டுவிடாதீர்கள்.

எத்தனை நாள் கேட்கலாம்? கூடக் கேட்டால்தானே குறைத்துத் தருவார்கள்?

சந்தையில் மீன் வாங்குவது போல இதைச் செய்யக்கூடாது. வைத்தியர் சொன்ன திகதிக்கு மேல் கிளினிக் ஒன்று, ரிக்கெட் கிடைக்க சில நாள் என்று பத்துப் பதினைந்து நாள் கூட்டினால் அதற்கு நியாயம் இருக்கிறது. ஆறு வார ஓய்வுக் கடிதத்தை வைத்து ஆறு மாதம் கேட்டால் முழுக் கோப்பின் மேலும் சந்தேகம் விழும். குணமாகவில்லை என்றால் புதிய கடிதத்தோடு மறுபடி கேட்கலாம். பழைய கடிதத்தைத் திரும்பக் கொடுக்க வேண்டாம், அதன் திகதி கடந்திருக்கும்.

கூட வந்த சித்தப்பாவுக்கு ஒன்றும் இல்லை. அவரும் நிற்கலாம்தானே?

அவருக்கும் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம். நோயாளியின் நீடிப்பு மற்றவருக்குச் செல்லாது. ஆஸ்பத்திரி அமளியில் துணைக்கு நிற்பவரின் திகதி மறந்துபோகிறது. அவருடைய கடிதத்தில் நோயாளியின் வைத்தியக் கடிதப் பிரதியையும் திருமணச் சான்றையும் இணைத்து, "தனியாக நடக்கவோ பயணம் செய்யவோ முடியாது, துணை தேவை" என்று வைத்தியர் எழுதிய வரியை அடிக்கோடிடுங்கள். ஒருவர் போதும். கூட வந்த ஐந்து பேரும் துணை என்று கேட்டால் சரிவராது.

ஆளைப் பத்தரமுல்லைக்குக் கொண்டு போக வேண்டுமா? இங்கிருந்து அவ்வளவு தூரம்.

முதலில் 1962 என்ற திணைக்கள இலக்கத்துக்கு எடுத்து நிலையைச் சொல்லுங்கள். படுக்கையில் இருப்பவருக்காக, அதிகாரக் கடிதத்தோடும் அடையாள அட்டையோடும் நான் போனேன். சித்தியை அசைக்கவில்லை. தலைமையகம் பத்தரமுல்லை சுஹுருபாயக் கட்டடத்தில் இருக்கிறது. இரவு பஸ்ஸில் ஏறினால் விடியக் கொழும்பில் இறங்கி, வாசல் திறக்கும் நேரத்துக்குப் போய்ச் சேரலாம். கடவுச்சீட்டு அசலைக் கையோடு கொண்டுபோக வேண்டும் என்பதால், வார்டில் ஒரு பிரதியை விட்டுவிட்டுப் போங்கள்.

உங்கள் சித்தியின் விஷயம் நாள் வாரியாக எப்படிப் போனது?

சித்திக்கு 68 வயது. கனடாக் குளிருக்குப் பயந்து ஐப்பசியில் வந்து, உப்புவெளியில் எங்களோடு மாரி முழுக்க இருந்தார். இரண்டு தடவை விசா நீடித்து, ஏப்ரல் 13 என்று இருந்தது. 10ஆம் திகதி விமானம். 2ஆம் திகதி புதன்கிழமை காலை குளியலறைப் படியில் சறுக்கினார்.

வெள்ளிக்கிழமை சத்திரசிகிச்சை முடிந்த பிறகுதான் விசா எனக்கு ஞாபகம் வந்தது. கலண்டரைப் பார்த்தேன். 12 சனிக்கிழமை போயா, 13 ஞாயிறு, 14 திங்கள் புத்தாண்டு. அப்படியானால் கடைசி வேலைநாள் 11 வெள்ளி. புத்தாண்டுக்கு முந்தின வெள்ளியில் யாரையும் நம்பி இருக்க முடியாது, ஆகவே புதன்கிழமைக்குள் முடிப்பது என்று வைத்துக்கொண்டேன்.

திங்கள் 7ஆம் திகதி கடிதம் கிடைத்தது. வீட்டுக்கு வந்து வாசித்தபோதுதான் இரண்டு குறை தெரிந்தது. ஒன்று, "ஆறு வாரம் படுக்கை ஓய்வு" என்று மட்டும் இருந்தது. இரண்டு, பெயர் நாங்கள் அனுமதிக்கும்போது சொன்ன வீட்டுப் பெயர். பிழை எங்களுடையது, கடவுச்சீட்டை நாங்கள் காட்டவேயில்லை. செவ்வாய் காலை வைத்தியர் வரும் நேரத்துக்கு முன்பே கடவுச்சீட்டுப் பிரதியோடு வார்ட் வாசலில் நின்றேன். நிபுணர் பொறுமையாகக் கேட்டு, சத்திரசிகிச்சை நாளில் இருந்து ஆறு வாரம் எண்ணி 16.05.2025 என்று போட்டு, இரத்தம் உறையும் ஆபத்தையும் எழுதி, பெயர் வரியையும் சேர்த்துத் தந்தார்.

அன்றிரவே பஸ். புதன் காலை கந்தோரில் அதிகாரி கடிதத்தைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "எப்போது பறக்கலாம்?" அந்தத் திகதியில் விரலை வைத்துக் காட்டினேன். இரண்டாவது கேள்வி, ரிக்கெட் இருந்ததா. 10ஆம் திகதி ரிக்கெட்டையும், மே 27க்கு மாற்றிய மின்னஞ்சலையும் கொடுத்தேன். திங்கட்கிழமைக் கடிதத்தோடு போயிருந்தால் முதல் கேள்வியிலேயே திரும்பி வந்திருப்பேன். நீடிப்பு மே 31 வரை கிடைத்தது.

திகதி தாண்டி ஐந்து நாள் ஆகிவிட்டது. அவருக்கு நினைவே இல்லாமல் இருந்தது. பேசாமல் விமான நிலையத்தில் சொல்லிப் பார்ப்போமா?

வேண்டாம். அனுமதித்த திகதிக்கு மேல் நிற்பது 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவரவு குடியகல்வுச் சட்டத்தின் கீழ் குற்றம். நோய் அதற்கு விளக்கம்தான், தானாகக் கிடைக்கும் மன்னிப்பு இல்லை. விமான நிலையத்தில், விமானம் புறப்பட மூன்று மணி நேரம் இருக்கும்போது, சக்கர நாற்காலியில் ஒருவரை வைத்துக்கொண்டு அதைப் பேசுவது மிகக் கொடுமை. அங்கே ஆறுதலாகக் கோப்பு வாசிக்க யாருக்கும் நேரம் இராது.

அடுத்த வேலைநாளே திணைக்களத்துக்குப் போங்கள். வைத்தியர் கடிதத்தில் நினைவிழந்திருந்த அல்லது தீவிர சிகிச்சையில் இருந்த நாட்கள் திகதியோடு இருக்க வேண்டும். உதாரணமாக விசா 13இல் முடிந்தது, ஆள் 9 முதல் 17 வரை தீவிர சிகிச்சையில், நீங்கள் 18இல் வந்தீர்கள் என்றால் வாசிப்பவருக்கு இடைவெளி தெரியாது. 17இல் வார்டுக்கு மாற்றி, நீங்கள் அடுத்த மாதம் 10இல் போனால் இடையில் உள்ள நாட்களுக்கு நோய் பதில் சொல்லாது. விசாக் கட்டணத்துக்கு மேல் அபராதமும் கேட்கலாம், பணத்தோடு போங்கள். கட்டிய பற்றுச்சீட்டைக் கடவுச்சீட்டோடு வைத்திருங்கள்.

கடவுச்சீட்டே இரண்டு மாதத்தில் முடியப் போகிறது.

அப்படியானால் முதலில் அவருடைய நாட்டுத் தூதரகத்தோடு பேசுங்கள். முடிந்துபோகும் கடவுச்சீட்டில் அதற்கு அப்பால் விசா நீளாது. இந்தியக் கடவுச்சீட்டு என்றால் கொழும்பில் உயர்ஸ்தானிகராலயமும் யாழ்ப்பாணத்தில் துணைத் தூதரகமும் இருக்கின்றன. புதிய கடவுச்சீட்டு வந்த பிறகும் பழையதை எறியாதீர்கள், வந்திறங்கிய முத்திரை அதில்தான் இருக்கிறது.

நீடிப்பு கிடைத்துவிட்டது. இனி விமானத்தில் ஏற்றுவார்கள்தானே?

அது வேறு வாசல். "பறக்கக்கூடாது" என்ற கடிதத்தை வைத்து விசா வாங்கினீர்கள். இப்போது விமான நிறுவனத்துக்கு "பறக்கலாம்" என்ற கடிதம் வேண்டும். அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவர், ஒட்சிசன் தேவைப்படுபவர், தனியே உட்கார முடியாதவர் என்றால் விமான நிறுவனம் தன்னுடைய மருத்துவத் தகவல் படிவத்தை அனுப்பும். மெடிஃப் என்று சொல்வார்கள். அதில் ஒரு பகுதியைச் சிகிச்சை செய்த வைத்தியர் நிரப்ப வேண்டும். கடைசிக் கிளினிக் நாளிலேயே அதை நிரப்பிக்கொண்டால் இன்னொரு முறை வரிசையில் நிற்க வேண்டியதில்லை. பறக்கலாம் என்ற கடிதத்தின் திகதி, பறக்கக்கூடாது என்று சொன்ன காலம் முடிந்த பிறகு இருக்க வேண்டும்.

சித்திக்கு மே 19 திங்கட்கிழமை கிளினிக்கில் படிவம் நிரப்பினோம். சக்கர நாற்காலியை விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டு வைத்தோம். 26ஆம் திகதி காலையிலேயே வானில் புறப்பட்டு, ஹபரணையில் ஒருமுறை, குருநாகலில் ஒருமுறை இறக்கிக் காலை நீட்டி நடக்க வைத்து, பின்னேரம் நீர்கொழும்பில் தெரிந்தவர்கள் வீட்டில் தங்க வைத்தோம். 27ஆம் திகதி கட்டுநாயக்கவில் அதிகாரி நீடிப்புப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். இரண்டாவது தொகுதிக் காகிதம் என் கைப்பையிலேயே இருந்தது.